நாடகக் குழுவில் பிணக்கு வந்தால் யார் முடிவு செய்வது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கலைக்குழு சார்பில் பேசிய உரை)



நான் பத்தாவது வரை படித்தவள். வீட்டு வேலை, மாடு, பிள்ளைகள், குழுக்கூட்டம், இதுதான் என் நாள். மூன்று வருஷமாக நம் கலைக்குழுவில் இருக்கிறேன். நடிக்க மாட்டேன். எனக்குக் கொடுத்திருக்கிற பொறுப்புக்கு நாங்கள் வைத்த பேர் “கேட்பவர்”. அது என்ன பொறுப்பு என்று பிறகு சொல்கிறேன். “கலைக்குழு எப்படி சண்டை இல்லாம ஓடுதுன்னு பேசு” என்று தலைவி அக்கா சொன்னாங்க. சண்டை இல்லாமல் எல்லாம் ஓடவில்லை. சண்டை வரும்போது என்ன செய்கிறோம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கடன் விஷயத்தில் நமக்கு வழி தெரியும். யாருக்குக் கடன், எவ்வளவு, எத்தனை தவணை என்று கூட்டத்தில் பேசுகிறோம், தீர்மான நோட்டில் எழுதுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம். ஊக்குநர் வேலை என்ன, பிரதிநிதி வேலை என்ன என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் ஒரு நாடகம் போடலாம் என்று உட்கார்ந்தால் அந்த நோட்டு எங்கே போகிறது என்று தெரியாது. குரல் பெரிதாக இருப்பவர் சொன்னதுதான் பாட்டு, யார் வீட்டில் ஒத்திகை நடக்கிறதோ அவர் சொன்னதுதான் கதை என்று ஆகிவிடுகிறது. கூலி இல்லாத வேலை இது. பிடிக்கவில்லை என்றால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். “தலைவலி”, “மாமியாருக்கு ஒடம்பு சரியில்ல” என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிடுவார்கள். கடன் வாங்கியவர் வராவிட்டால் தேடிப் போகிறோம். கலைக்குழுவில் ஒருத்தி வராவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுகிறோம். அங்கேதான் குழு கரைய ஆரம்பிக்கிறது.

நம் சீர்காழியிலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. தமிழிசை மூவர் மணிமண்டபம் நம் ஊரில்தானே இருக்கிறது? முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, இவர்கள்தான் அந்த மூவர். அதில் அருணாசலக் கவிராயர் பிறந்தது தில்லையாடி, வாழ்ந்தது சீர்காழி. இராமாயணம் முழுவதையும் பாட்டாகவே சொல்கிற இராம நாடகக் கீர்த்தனையைச் செய்தவர் அவர். அந்தப் பாட்டுகளுக்கு அவர் ஒருவரே எல்லாம் செய்துவிடவில்லை. சொல் எழுதியது கவிராயர். மெட்டுப் போட உதவியது அவரிடம் படித்த சட்டநாதபுரத்து வேங்கடராமய்யரும் கோதண்டராமய்யரும். சட்டநாதபுரம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல் ஒருவர் பொறுப்பு, மெட்டு வேறு இருவர் பொறுப்பு. இப்படி இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே நம் பக்கத்தில் பிரித்துச் செய்திருக்கிறார்கள். அவர் பெரிய புலவர், மற்றவர்கள் மாணவர்கள். இருந்தாலும் மெட்டு தெரிந்தவரிடம் மெட்டை விட்டார். நாங்கள் முதலில் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான். யார் பெரியவர் என்று பார்க்காதே, எது யார் பொறுப்பு என்று பார்.

அடுத்த பாடம் காவிரியில் கொஞ்சம் மேலே போனால் திருவையாற்றில் கிடைக்கிறது. தியாகராஜ ஆராதனை என்று தை மாதத்தை ஒட்டி டிவியில் காட்டுவார்களே, நூற்றுக்கணக்கான பேர் வரிசையாக உட்கார்ந்து ஒரே குரலில் பாடுவார்களே, அது. அவ்வளவு பேரும் பணம் வாங்காமல் வந்து பாடுகிறார்கள். அதாவது, நம் மாதிரி சொந்த விருப்பத்தில் கூடுகிற கூட்டம். பார்க்கும்போது எவ்வளவு ஒற்றுமை என்று தோன்றும். ஆனால் அந்த ஒற்றுமை வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

தியாகராஜர் 1847-இல் மறைந்தார். அவருடைய சமாதி கவனிப்பாரில்லாமல் கிடந்தது. பிறகு சீடர் வழியில் வந்தவர்கள் சீர் செய்து, தில்லைஸ்தானத்து நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் என்ற அண்ணன் தம்பி இருவர் முன்னின்று வருஷா வருஷம் ஆராதனை நடத்தினார்கள். ஒன்றிரண்டு வருஷத்துக்குள்ளேயே பிணக்கு வந்துவிட்டது. அண்ணன் பக்கம் “பெரிய கட்சி”, தம்பி பக்கம் “சின்ன கட்சி” என்று வித்வான்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கடைசியில் ஒரு சமரசம் செய்தார்கள். சின்ன கட்சி ஆராதனை நாளுக்கு ஐந்து நாள் முன்னாலேயே தொடங்கி அந்த நாளோடு முடிக்கும். பெரிய கட்சி அந்த நாளில் தொடங்கி அடுத்து வரும் நாட்களில் நடத்தும். இதைக் கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பாருங்கள், பிணக்கு தீரவில்லை. நாளைப் பிரித்தார்கள், அவ்வளவுதான். இரண்டு கட்சியும் பல வருஷம் இரண்டாகவே இருந்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு கட்சிக்கும் எல்லாவற்றிலும் சண்டை, ஒன்றில் மட்டும் ஒற்றுமை. பெண்கள் அங்கே பாடக்கூடாது! பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற பாடகி தன் சொத்தை விற்று, அந்தச் சமாதி இருந்த நிலத்தை வாங்கிக் கோயில் கட்டினார். 1926-இல் குடமுழுக்கு ஆனது. கட்டிய அம்மாவுக்கே அங்கே பாட இடம் இல்லை. அவர் சும்மா இருக்கவில்லை. மறு வருஷமே சமாதிக்குப் பின்பக்கம் பெண்களைச் சேர்த்துத் தனியாகக் கச்சேரி நடத்தினார். அதைப் “பெண்கள் கட்சி” என்றார்கள். அப்போது கட்சி மூன்று ஆனது. முடிவு செய்கிற இடத்தில் யாரை விட்டுவிடுகிறோமோ அவர்கள் பின்பக்கம் போய்த் தனியாக ஒன்று தொடங்குவார்கள். நம் கலைக்குழுவானாலும் அப்படித்தான்.

1940-ஐ ஒட்டி மூன்றும் ஒன்றாயின. தியாகப் பிரம்ம மகோத்சவ சபை என்று ஒரே சபை ஆனது. ஒன்றான பிறகு வந்த வழக்கம்தான் நாம் டிவியில் பார்க்கிற கூட்டுப் பாட்டு. எந்தப் பாட்டு என்ற சண்டைக்கு இடமில்லாமல் ஐந்து பாட்டு, பஞ்சரத்தினம், வரிசையும் முன்கூட்டியே தெரியும். அதை எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள், பெண்களும்தான். அது தவிரத் தனியாகப் பாட விரும்புகிறவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம் நேரம். எவ்வளவு பெரிய வித்வான் ஆனாலும் அங்கே அளந்த நேரம்தான். பொதுவாகச் செய்ய வேண்டியது எது, அவரவர் விருப்பத்துக்கு விட வேண்டியது எது என்று கோடு கிழித்தார்கள். நாகரத்தினம்மாள் 1952-இல் மறைந்தார். அந்தச் சமாதியைப் பார்த்தபடியே அவருடைய சமாதியும் இருக்கிறது.

இந்த இரண்டு பாடத்தையும் வைத்துக்கொண்டு எங்கள் பதினோரு பேர் குழுவில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

முதலில் பொறுப்பைப் பிரித்து நோட்டில் எழுதினோம். கதைப் பொறுப்பு இரண்டு பேர். மேடையில் என்ன பேச வேண்டும் என்ற வார்த்தை அவர்களுடையது. பயிற்சிப் பொறுப்பு ஒருவர். யார் எங்கே நிற்பது, எவ்வளவு சத்தமாகப் பேசுவது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதில் ஒத்திகை நேரத்தில் அவர் சொல்தான் கடைசி. பாட்டுப் பொறுப்பு ஒருவர், மெட்டும் தாளமும் அவருடையது. சாமான் பொறுப்பு ஒருவர். குடம், துண்டு, நோட்டு, பாய் எல்லாம் அவர் கணக்கு. நேரமும் செலவும் ஒருவர் பொறுப்பு. நாடகம் இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டினால் கையைத் தூக்குவார். பொறுப்பு இல்லாதவர்கள் நடிப்பவர்கள். நடிப்பவருக்குத் தன் பாத்திரத்தின் சாயல் சொந்தம். எப்படி அழுவது, எப்படி நடப்பது என்பதை அவரே கொண்டு வரலாம். ஆனால் வார்த்தையை மாற்ற வேண்டுமென்றால் கதைப் பொறுப்பைக் கேட்க வேண்டும்.

கடைசியாகக் கேட்பவர். இவர் நடிக்கக் கூடாது, எழுதக் கூடாது, பாடக் கூடாது. முன்னால் பாயில் உட்கார்ந்து பொதுமக்களில் ஒருவர் போலப் பார்க்க வேண்டும். பிணக்கு வந்தால் கூட்டம் கூட்டுவதும், யார் பேசினார் யார் பேசவில்லை என்று பார்ப்பதும், முடிவை எழுதுவதும் இவர் வேலை. எந்தப் பக்கமும் லாபம் இல்லாத ஒருவர் கையில்தான் இது இருக்க வேண்டும். கதை எழுதுபவரே பஞ்சாயத்தும் செய்தால் தீர்ப்பு எப்போதும் அவர் கதைக்குத்தான் கிடைக்கும்.

கதாநாயகி வேஷம் யாருக்கு என்பதில்தான் குழு உடையும் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஒரு சின்ன வழி வைத்தோம். விருப்பமுள்ள எல்லாரும் அதே பத்து வரியைப் பேசிக் காட்ட வேண்டும். பயிற்சிப் பொறுப்பும் கேட்பவரும் சேர்ந்து முடிவு சொல்வார்கள். ஒருவர் அடுத்தடுத்த இரண்டு நாடகத்தில் முதல் வேஷம் போடக் கூடாது. இதோடு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

இவ்வளவு பிரித்த பிறகும் ஒரு பெரிய பிணக்கு வந்தது. அதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஊரிலும் இதே மாதிரி வரும்.

சம்பா அறுவடை முடிந்து மாசி மாதம் ஒத்திகை தொடங்கினோம். மகளிர் தினத்துக்கு ஊர் ஊராகப் போட வேண்டிய நாடகம். கதை, வாரத்தவணைக் கடன். வீட்டு வாசலில் வந்து கடன் கொடுத்துவிட்டு, வாராவாரம் வந்து உட்கார்ந்து வசூலிக்கிறார்களே, அந்தக் கடன். ஒருத்தி ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கி, மூன்று இடத்தில் மாட்டிக்கொள்கிறாள். இதுவரை யாருக்கும் மாறுபாடு இல்லை. முடிவில்தான் பிணக்கு.

கதை எழுதுகிற அக்கா எழுதிய முடிவில் அவள் விஷம் குடித்துச் சாகிறாள். “ஜனங்க கண்ணுல தண்ணி வந்தாத்தான் மனசுல நிக்கும்” என்றார். பயிற்சி தருகிற பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “சாவு காட்டி அனுப்புனா வீட்டுக்குப் போறவ என்னத்த எடுத்துட்டுப் போவா? பக்கத்து வீட்டுக்காரங்க வந்து காப்பாத்துற மாதிரி வை” என்றார். இரண்டு நாள் இதே பேச்சு. வார்த்தை கதைப் பொறுப்பு, நடிப்பு பயிற்சிப் பொறுப்பு. முடிவு என்பது எதில் சேரும்? நோட்டில் அதற்கு வழி இல்லை. ஆகவே மூன்றாவது நாள் ஒத்திகையை நிறுத்திவிட்டு வழி எழுதினோம். அந்த வழிதான் இன்று வரை நடக்கிறது.

முதல் படி, பிணக்கை ஒத்திகை நடுவில் பேசக் கூடாது. ஒத்திகை முடிந்த பிறகு, அன்றைக்கே, வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். குழாயடியில் பேசினது கணக்கில் சேராது. ஒரே பொறுப்புக்குள் அடங்கும் விஷயமானால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு தடவை சொல்லலாம், அதன்பின் அந்தப் பொறுப்புக்காரர் முடிவு செய்வார், பேச்சு அத்தோடு சரி. இரண்டு பொறுப்பைத் தொட்டாலோ, ஜனங்களுக்கு நாம் என்ன சொல்லப்போகிறோம் என்பதையே தொட்டாலோ, அது எல்லாருடைய முடிவு.

இரண்டாவது படி, எல்லாரும் பேச வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம். யார் குறைவாகப் பேசுவாரோ அவரிடமிருந்து தொடங்க வேண்டும். கதை எழுதியவர் கடைசி. ஒருவர் பேசும்போது பதில் சொல்லக் கூடாது. “இது வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் போதாது. அதற்குப் பதில் என்ன என்று எழுந்து நடித்துக் காட்ட வேண்டும். வாயால் சண்டை போட்டால் ஒரு வாரம் ஆகும். நடித்துக் காட்டினால் பாதி பிணக்கு அங்கேயே தெளிந்துவிடும்.

மூன்றாவது படி, வெளி ஆளுக்குப் போட்டுக் காட்டுவது. நாங்கள் அடுத்த தெருவில் நம் குடும்பம் அல்லாத பத்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு ஒரு நாள் முதல் முடிவையும் மறுநாள் வேறு தெருவில் இரண்டாவது முடிவையும் போட்டோம். “எது நல்லா இருக்கு?” என்று கேட்கவே கூடாது. அப்படிக் கேட்டால் நம் முகத்தைப் பார்த்துத்தான் பதில் வரும். மூன்று கேள்வி வைத்தோம். என்ன நடந்துச்சு? யார் மேல கோபம் வந்துச்சு? நம்ம ஊர்ல இப்படி ஒருத்தி இருந்தா நீங்க என்ன செய்வீங்க?

சாவு முடிவைப் பார்த்தவர்கள் அழுதார்கள். அக்கா சொன்னது சரிதான். ஆனால் கோபம் யார் மேல் என்றால், “புருஷன் மேல”, “அவ மேலயே” என்றார்கள். என்ன செய்வீங்க என்றால், “என்ன செய்ய, அவ விதி” என்றார்கள். இரண்டாவது முடிவைப் பார்த்தவர்கள் அழவில்லை. ஒரு தாத்தா, “இப்படியெல்லாம் எங்க நடக்குது?” என்று எழுந்து போய்விட்டார். ஆனால் இரண்டு பெண்கள், வட்டி எவ்வளவு என்று எழுதிக் கேட்கலாமா, கேட்டால் தருவார்களா என்று கேட்டார்கள். ஆக, ஒன்று நெஞ்சைத் தொட்டது, வேலைக்கு ஆகவில்லை. இன்னொன்று வேலைக்கு ஆனது, நம்பும்படி இல்லை. இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை. அதை வாயால் சொல்லியிருந்தால் இருவருமே ஏற்றிருக்க மாட்டார்கள். தெரு சொன்னதால் ஏற்றார்கள்.

இதற்கு நடுவில் வேறு ஒன்று நடந்தது. எங்களில் ஒருத்தி, நாயகியின் பக்கத்து வீட்டுக்காரியாக நடிப்பவள், இரண்டு நாள் வரவில்லை. கேட்டால், “நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி” என்றாள். இந்த வார்த்தையைக் கேட்டால் கேட்பவர் உடனே எழுந்து போக வேண்டும். சம்மதம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒதுங்குவதற்கு அடையாளம். நான் அவள் வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் தனியாக உட்கார்ந்தபோது சொன்னாள், அவள் சொந்தத்தில் அப்படி ஒரு சாவு நடந்திருக்கிறது. அந்த பாட்டிலைக் கையில் எடுக்கிற காட்சியில் அவளால் பக்கத்தில் நிற்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் சொல்லவும் முடியவில்லை.

அப்போதுதான் நான்காவது படியை எழுதினோம். ஒரு காட்சி நம்மில் ஒருத்தியின் சொந்த வாழ்க்கையைத் தொட்டு அவளுக்கு வலித்தால், அந்தக் காட்சிக்கு ஓட்டு கிடையாது. அது வராது. காரணத்தைக் கூட்டத்தில் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவரிடம் சொன்னால் போதும். கேட்பவர் “இது நான்காவது விதி” என்று மட்டும் சொல்வார். யாரும் தோண்டிக் கேட்கக் கூடாது. பதினோரு பேரில் பத்துப் பேர் வேண்டும் என்றாலும் ஒருத்தி வேதனையில் நின்று நடிக்க வேண்டும் என்று ஓட்டுப் போட நமக்கு உரிமை இல்லை. அது போக, சாகிற விதத்தை மேடையில் காட்டினால் ஏற்கெனவே அந்த நினைப்பில் இருப்பவருக்கு அது வழி காட்டினது போல ஆகிவிடும் என்று மருத்துவத் துறையினரும் சொல்கிறார்கள். பாட்டில் அத்தோடு போயிற்று. நாடகம் முடிந்ததும் 104 என்ற அரசு உதவி எண்ணைச் சொல்லி, மனசு உடைஞ்சா இதுக்குப் பேசுங்க என்று சொல்வதையும் சேர்த்துக்கொண்டோம்.

இப்போது மிச்சம் இருந்தது இரண்டு வழி. ஒன்று, பக்கத்து வீட்டார் வந்து காப்பாற்றுவது. இன்னொன்றைக் கதை எழுதுகிற அக்காவே கொண்டு வந்தார். நாயகி மூன்று தவணை அட்டையையும் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறாள். எல்லாரும் அப்படியே அசையாமல் நிற்கிறோம். அவள் ஜனங்களைப் பார்த்து, “நான் இப்ப என்ன செய்யணும்? சொல்லுங்க” என்று கேட்கிறாள். ஜனங்கள் சொல்வதை வைத்து மேலே நடிக்கிறோம். இப்படி ஜனங்களையே நாடகத்துக்குள் கூப்பிடுவதைப் பிரேசில் நாட்டில் அகஸ்டோ போல் என்பவர் வளர்த்தார் என்று பயிற்சிக்கு வந்த ஒருவர் பிறகு எங்களுக்குச் சொன்னார். வங்காளத்தில் ஜன சன்ஸ்கிருதி என்ற குழு கிராமத்தில் இப்படிப் பல வருஷமாகச் செய்கிறதாம். அக்காவுக்கு அதெல்லாம் தெரியாது. அவர் தெருவில் கேட்ட மூன்றாவது கேள்வியையே எடுத்து நாடகத்துக்குள் வைத்தார்.

ஐந்தாவது படி, முடிவு எடுப்பது. கை தூக்கச் சொன்னால் மாமியார் கையைப் பார்த்து மருமகள் கை எழும். அதனால் ஒரு மண் சட்டியில் துணி மூடி வைத்து ஆளுக்கு ஒரு நெல்லும் ஒரு உளுந்தும் கொடுத்தோம். நெல் போட்டால் முதல் வழி, உளுந்து போட்டால் இரண்டாவது வழி. ஒன்றைச் சட்டியில் போட வேண்டும், இன்னொன்றை வேறு சட்டியில் போட்டுவிட வேண்டும், யார் எதைப் போட்டார் என்று தெரியாது. மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால்தான் முடிவு. பதினோரு பேரில் எட்டு. பாதிக்கு ஒன்று கூட என்று வைத்தால் ஆறு பேர் மகிழ்ச்சி, ஐந்து பேர் முகம் தொங்கும். ஐந்து பேர் முகம் தொங்கினால் நாடகம் நடக்காது. எட்டு கிடைக்காவிட்டால் மறுபடி ஒரு தடவை போட வேண்டும். அப்போதும் கிடைக்காவிட்டால் கதைப் பொறுப்பு முடிவு செய்யலாம். முடிவே இல்லாமல் தொங்குவது கூடாது. அன்று எட்டு உளுந்து, மூன்று நெல் விழுந்தது.

ஆறாவது படியோடு முடிந்துவிடும். முடிவை நோட்டில் எழுதும்போது ஜெயித்ததை மட்டும் எழுதக் கூடாது. எதிர்த்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் பேர் இல்லாமல் எழுத வேண்டும். மூன்று இடத்தில் நாடகம் போடும் வரை அந்தப் பேச்சை யாரும் திறக்கக் கூடாது. மூன்று முடிந்ததும் நோட்டைத் திறந்து, அவர்கள் சொன்னது நடந்ததா என்று பார்க்க வேண்டும். “இனிமே எப்பவும் பேசக் கூடாது” என்றால் ஒருத்தி மேடையிலேயே வசனத்தை மாற்றிப் பேசுவாள். “மூணு ஆட்டம் பொறு” என்றால் பொறுப்பாள்.

எங்கள் நோட்டில் எதிர்த்தவர்கள் காரணம் இப்படி இருந்தது: “ஜனங்க பதில் சொல்லலன்னா என்ன செய்றது?” இரண்டு ஊரில் நன்றாகச் சொன்னார்கள். ஒரு ஊரில் முதல் ஆள், “அந்தக் கடனை வாங்கவே கூடாதுன்னேன்” என்றார். பின்னாலிருந்து ஒரு பெண், “வாங்காம புள்ளைக்கு ஃபீஸ் எப்பிடி கட்றது?” என்று எழுந்தாள். அதுவே அரைமணி நேரம் ஓடியது. மூன்றாவது ஊரில் யாருமே வாய் திறக்கவில்லை. நாயகி நடுவில் நின்றுகொண்டே இருந்தாள். எதிர்த்தவர்கள் சொன்னது அப்படியே நடந்தது. அந்த மூன்று பேரில் ஒருவரே வழியும் சொன்னார். கேட்பவர் ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்து முதல் பதிலைத் தொடங்கி வைக்க வேண்டும் என்று. அதிலிருந்து நான் கூட்டத்தில் உட்காருகிறேன். தோற்ற பக்கம் சொன்னதை எழுதி வைத்ததால்தான் இது கிடைத்தது.

இந்த வழிக்கு எல்லை உண்டு. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது மைக் போய்விட்டது, மழை வந்துவிட்டது, குடித்துவிட்டு ஒருவர் உள்ளே வந்துவிட்டார் என்றால் வட்டம் போட்டு உட்கார முடியாது. அப்போது பயிற்சிப் பொறுப்பு சொன்னதைக் கேட்க வேண்டும், கேள்வியெல்லாம் மறுநாள். பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் நெல் உளுந்து போடவும் கூடாது. எல்லாருக்கும் பிடித்த வரியாகச் சேர்த்தால் ஒட்டுப்போட்ட புடவை மாதிரி ஆகிவிடும். வரி பாட்டுப் பொறுப்புடையது. என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் எல்லாருடையது. பிறகு, ஒத்திகை யார் வீட்டு வாசலிலும் நடக்கக் கூடாது. வீட்டுக்காரருக்கு ஒரு நெல் கூடுதலாக விழும். சில தெருப் பெண்களால் சில வீட்டு வாசலுக்கு வர முடியாது, இதை நாம் எல்லாரும் அறிவோம், பேசமாட்டோம். நாங்கள் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் ஒத்திகை வைத்தோம். அது எல்லாருக்கும் சமமான தரை. தரை சமமாக இல்லாவிட்டால் மேலே சொன்ன எந்த விதியும் நிற்காது.

கதை எழுதுகிற அக்காவுக்கு இன்னும் அந்த முதல் முடிவுதான் பிடிக்கும். கேட்டால் சொல்வார். அது நோட்டிலும் இருக்கிறது. ஆனால் ஒத்திகைக்கு ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. இரண்டு நாள் வராமல் இருந்தவளும் இப்போது வருகிறாள். பக்கத்து வீட்டுக்காரி வேஷத்தில், நாயகி கேள்வி கேட்டு நிற்கும்போது அவள்தான் முதலில் போய் அந்தத் தவணை அட்டையைக் கையில் வாங்கிப் பார்க்கிறாள். அது யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, அவளே கொண்டு வந்தது. அது அவள் பாத்திரத்தின் சாயல், ஆகவே அவளுடைய உரிமை என்று நோட்டில் எழுதியிருக்கிறோம்.

அடுத்த வாரம் உங்கள் ஊரில் கலைக்குழு கூடினால், கதை பேசுவதற்கு முன் ஒரு நோட்டை வாங்கி முதல் பக்கத்தில் பொறுப்பை எழுதுங்கள், இரண்டாம் பக்கத்தில் பிணக்கு வந்தால் என்ன படி என்று எழுதுங்கள். பிணக்கு வந்த பிறகு எழுதினால் அந்த விதியே யாரோ ஒருவருக்குச் சாதகமாகத் தெரியும். நோட்டு வேண்டுமானால் எங்களுடையதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம், கூட்டமைப்பு அலுவலகத்தில் வைத்திருக்கிறோம்.